திரும்பி வந்த நான்கு மிக்சிகள்: விற்பனை, வரி, அடக்கவிலை மூன்றையும் எப்படித் திருப்புவது?

விற்ற சரக்கு திரும்பி வந்தால் போட்ட பதிவை அப்படியே தலைகீழாகப் போட்டால் போதும் என்றுதான் கணக்கு எழுதுபவர்களில் பலர் நினைக்கிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் லாபம் காரணமில்லாமல் குறைந்திருக்கும். அல்லது திருப்பிய வரி, அடுத்த மாத ஜிஎஸ்டி கணக்கில் மறுபடி நம் தலையில் வந்து உட்கார்ந்திருக்கும். குடோனில் எண்ணிப் பார்த்தால் கணினி சொல்வதைவிட நான்கு பெட்டி அதிகமாக இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான். ஒரு விற்பனைக்குள் மூன்று தொகைகள் இருக்கின்றன: வருவாய், வாங்குபவரிடம் வசூலித்த வெளியீட்டு வரி, விற்ற பொருளின் அடக்கவிலை. சரக்கு திரும்பும்போது மூன்றும் திரும்ப வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் திரும்புவதற்கான நிபந்தனை வேறு. வருவாய் திரும்ப நாமும் வாங்கியவரும் ஒத்துக்கொண்டால் போதும். வரி திரும்பச் சட்டம் சொல்லும் ஆவணமும் கெடுவும் வேண்டும். அடக்கவிலை திரும்ப, பொருள் உண்மையிலேயே நம் கைக்கு வந்திருக்க வேண்டும்.

## முதலில் விற்பனைப் பதிவு

மதுரையில் ஒரு மொத்த வியாபாரி தேனியில் உள்ள ஒரு சில்லறைக் கடைக்கு 20 மிக்சிகள் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் விற்பனை விலை ரூ.3,000. அவர் வாங்கிய அடக்கவிலை ரூ.2,400. ஜிஎஸ்டி 18%. இருவரும் தமிழ்நாட்டுக்குள் பதிவு பெற்றவர்கள், அதனால் வரி மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதி.

விற்ற அன்று போடும் பதிவுகள் இரண்டு.

1. பணம், வருவாய், வரி பற்றியது:
   - தேனிக் கடை கணக்கு, பற்று ரூ.70,800
   - விற்பனைக் கணக்கு, வரவு ரூ.60,000
   - வெளியீட்டு சிஜிஎஸ்டி, வரவு ரூ.5,400
   - வெளியீட்டு எஸ்ஜிஎஸ்டி, வரவு ரூ.5,400

2. சரக்கு பற்றியது:
   - விற்ற பொருளின் அடக்கவிலை, பற்று ரூ.48,000
   - சரக்கிருப்புக் கணக்கு, வரவு ரூ.48,000

இதில் வரி ரூ.10,800 நம் வருவாயே இல்லை. அரசுக்காக வசூலித்து வைத்திருக்கும் பணம், அதாவது நமக்கு ஒரு பொறுப்பு. லாபம் என்பது 60,000-க்கும் 48,000-க்கும் உள்ள வித்தியாசம், ரூ.12,000. விற்பனையில் 20%.

## நான்கு திரும்பி வருகின்றன

சில வாரங்கள் கழித்து நான்கு மிக்சிகளைத் தேனிக் கடை திருப்பி அனுப்புகிறது. கேட்ட மாடல் அது இல்லையாம். வியாபாரியும் சரி என்று ஏற்றுக்கொள்கிறார். இப்போது திருப்பப் பதிவுகள்:

1. - விற்பனைத் திருப்பக் கணக்கு, பற்று ரூ.12,000
   - வெளியீட்டு சிஜிஎஸ்டி, பற்று ரூ.1,080
   - வெளியீட்டு எஸ்ஜிஎஸ்டி, பற்று ரூ.1,080
   - தேனிக் கடை கணக்கு, வரவு ரூ.14,160

2. - சரக்கிருப்புக் கணக்கு, பற்று ரூ.9,600
   - விற்ற பொருளின் அடக்கவிலை, வரவு ரூ.9,600

விற்பனைக் கணக்கையே நேரடியாகக் குறைக்காமல் விற்பனைத் திருப்பம் என்று தனிக் கணக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. 60,000-க்கு விற்று 12,000-க்குத் திரும்பியது என்பதும், முதலிலேயே 48,000-க்குத்தான் விற்றது என்பதும் ஒன்றல்ல. எந்தக் கடை, எந்த மாடல் அடிக்கடி திரும்புகிறது என்பதைப் பிறகு பார்க்க அந்தத் தனிக் கணக்குதான் உதவும்.

தேனிக் கடை ஏற்கெனவே முழுப் பணமும் கொடுத்திருந்தாலும் பதிவு இதேதான். அவர் கணக்கில் ரூ.14,160 வரவு நிற்கும். அதைப் பணமாகக் கொடுப்பதா, அடுத்த பில்லில் கழிப்பதா என்பது பிறகு வரும் தனி நடவடிக்கை.

## பலர் விட்டுவிடும் இரண்டாம் பதிவு

சரக்கிருப்பைத் தொடும் இரண்டாம் பதிவை விட்டுவிட்டால் என்ன ஆகும்? நிகர விற்பனை 60,000-இலிருந்து 48,000 ஆகிவிடும். அடக்கவிலை மட்டும் 48,000-ஆகவே நிற்கும். மொத்த லாபம் பூஜ்யம். பதினாறு மிக்சிகள் நல்ல லாபத்துக்கு விற்றிருக்கின்றன, கணக்கோ ஒரு ரூபாய்கூட இல்லை என்கிறது. சரியாகப் போட்டிருந்தால் அடக்கவிலை 38,400 ஆகி, லாபம் ரூ.9,600 என்று வந்திருக்கும். அதே 20%.

தவறைக் கண்டுபிடிக்கும் சுலபமான வழியும் இதிலேயே இருக்கிறது. விற்பனை விலையிலும் அடக்கவிலையிலும் மாற்றம் இல்லாதபோது, திருப்பம் லாபத் தொகையைக் குறைக்கும், லாப விகிதத்தை மாற்றாது. விகிதம் சரிந்திருந்தால் இரண்டாம் பதிவைத்தான் முதலில் தேட வேண்டும்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். பள்ளிப் பாடத்தில் விற்பனைத் திருப்பம் என்றால் ஒரே பதிவுதானே, இந்த இரண்டாம் பதிவு எங்கிருந்து வந்தது? பாடத்தில் வருவது பெரும்பாலும் ஆண்டுக் கடைசியில் சரக்கை எண்ணி அடக்கவிலையைக் கண்டுபிடிக்கும் முறை. அந்த முறையில் விற்கும்போதும் அடக்கவிலைப் பதிவு கிடையாது, திரும்பும்போதும் கிடையாது. உதாரணத்துக்கு, வியாபாரி 50 மிக்சிகளை ரூ.1,20,000-க்கு வாங்கினார், கடைசியில் 34 இருக்கின்றன, அவற்றின் மதிப்பு 81,600. கழித்தால் விற்ற பொருளின் அடக்கவிலை 38,400 தானாகவே வந்துவிடும்.

ஆனால் ஒரு ஆபத்து. திரும்பி வந்த நான்கு பெட்டிகள் குடோன் மூலையில் 'ரிட்டர்ன்' என்று எழுதித் தனியாகக் கிடக்கும். எண்ணுபவர் அவற்றைச் சேர்க்க மாட்டார். இருப்பு 30 என்று எழுதினால் மதிப்பு 72,000 ஆகும், அடக்கவிலை மறுபடி 48,000 ஆகும், லாபம் மறுபடி பூஜ்யம். பதிவில் நடந்த அதே தவறு இங்கே எண்ணிக்கையில் நடக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி, எந்த அடக்கவிலையில் சரக்கைத் திரும்பச் சேர்ப்பது? விற்றபோது எந்த விலையில் வெளியே போனதோ அந்த விலையில். இடையில் மிக்சியின் கொள்முதல் விலை ரூ.2,550 ஆகியிருக்கலாம். அந்தப் புது விலையில் நான்கையும் சேர்த்தால் ரூ.600 பொய் லாபம் உருவாகும். அதைவிட மோசம், விற்பனை விலையான 3,000-இல் சேர்ப்பது. திருப்பத்தைக் கொள்முதலாக எழுதிவிடும் கடைகளில் இதுதான் நடக்கிறது: விற்பனை குறையாமல் நிற்கும், கொள்முதல் கூடும், இருப்பில் நம் லாபமும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்.

## பொருள் கெட்டுப்போய் வந்தால்

நான்கில் ஒன்றின் மோட்டார் எரிந்துபோயிருக்கிறது, விற்றால் ரூ.900-தான் போகும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முதலில் நான்கையும் சேர்த்து ரூ.9,600-க்கே திருப்ப வேண்டும். அப்புறம் தனியாக ஒரு பதிவு: சரக்கு மதிப்பிழப்பு, பற்று ரூ.1,500, சரக்கிருப்பு, வரவு ரூ.1,500. சரக்கை அடக்கவிலை, விற்றால் கையில் கிடைக்கும் நிகரத் தொகை இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும் என்ற விதி இங்கே வேலை செய்கிறது. ஒரே பதிவில் 8,100 என்று போட்டாலும் கடைசி எண் சரியாகத்தான் வரும். ஆனால் இழப்பு எவ்வளவு என்பது அடக்கவிலைக்குள் மறைந்துவிடும்.

வரி விஷயத்தில் இந்த ஒரு மிக்சிக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பழுதான பொருளாக 900-க்கு வரியோடு விற்றால், வாங்கியபோது எடுத்த உள்ளீட்டு வரி வரவுக்கு ஆபத்தில்லை. அதைத் தூக்கி எறிந்து கணக்கிலிருந்து முழுதாக நீக்கினால் கதை வேறு. அழிந்த, தொலைந்த, நீக்கப்பட்ட சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு. 2,400-இல் 18%, அதாவது ரூ.432-ஐத் திருப்பிக் கட்ட வேண்டும். அப்போது உண்மையான இழப்பு ரூ.2,832.

பொருளே திரும்பவில்லை, 'குறையோடு நாங்களே வைத்துக்கொள்கிறோம், விலையில் குறைத்துக்கொடுங்கள்' என்று கடைக்காரர் கேட்டால்? விலைக் குறைப்புக்கு ஏற்ற வருவாயும் வரியும் மட்டும் திரும்பும். அடக்கவிலையைத் தொடவே கூடாது. பொருள் நம்மிடம் வரவில்லையே.

## வரி மட்டும் நம் கையில் இல்லை

மூன்றில் சிக்கலானது இதுதான். நம் பேரேட்டில் வெளியீட்டு வரியைப் பற்று வைத்துவிட்டால் மட்டும் அரசுக்குக் கட்ட வேண்டிய வரி குறைந்துவிடாது. சட்டத்தின் 34-ஆம் பிரிவு சில நிபந்தனைகளை வைக்கிறது.

1. ஆவணம். விற்றவர் கிரெடிட் நோட் கொடுக்க வேண்டும். எந்த பில்லின் சரக்கு என்பது அதில் தெரிய வேண்டும். வாங்கியவர் சரக்கோடு அனுப்பும் டெபிட் நோட் வியாபார வழக்கத்துக்குச் சரி, அதை வைத்து விற்றவர் வரியைக் குறைக்க முடியாது. டேலிபிரைமில் இது `Alt+F6`, காரணம் கேட்கும் இடத்தில் `01-Sales Return`.

2. கெடு. விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள் ரிட்டர்னில் காட்டியிருக்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. நவம்பரில் போடும் கிரெடிட் நோட், டிசம்பரில் தாக்கலாகும் ரிட்டர்னில்தான் போகும். அதனால் மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு நடைமுறையில் அக்டோபர் மாத ரிட்டர்னே கடைசி வாய்ப்பு. கெடு ஓடுவது விற்பனை நடந்த ஆண்டிலிருந்து, சரக்கு திரும்பிய ஆண்டிலிருந்து அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

3. வாங்கியவரின் பங்கு. தேனிக் கடை 20 மிக்சிக்கும் சேர்த்து ரூ.10,800 உள்ளீட்டு வரி வரவு எடுத்திருக்கும். நாம் ரூ.2,160 குறைத்தால் அவரும் அதே தொகையை விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வரி இரண்டு இடத்தில் பயன்பட்டுவிடும். 2025 அக்டோபர் 1 முதல் இது சட்டத்திலேயே தெளிவாக எழுதப்பட்டுவிட்டது: வாங்கியவர் பதிவு பெற்றவராக இருந்து, எடுத்த வரவைத் திருப்பவில்லை என்றால் விற்றவர் தன் வரியைக் குறைக்க முடியாது.

இந்த மூன்றாவது நிபந்தனையால்தான் இப்போது குழப்பம் அதிகம். ஜிஎஸ்டி தளத்தில் 2024 அக்டோபரில் வந்த இன்வாய்ஸ் மேலாண்மை வசதியில், நாம் ஜிஎஸ்டிஆர்-1-இல் ஏற்றும் கிரெடிட் நோட் வாங்கியவரின் திரையில் தெரியும். அவர் ஏற்கலாம், மறுக்கலாம். எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். மறுத்துவிட்டால் நாம் குறைத்த ரூ.2,160 அடுத்த ரிட்டர்னில் நமக்கே வரிப் பொறுப்பாகத் திரும்பி வரும்.

அப்படி நடந்தால் பதறிப்போய் திருப்பப் பதிவையே நீக்கிவிடக் கூடாது. சரக்கு திரும்பியது உண்மை, கடைக்காரருக்கு நாம் ரூ.14,160 தர வேண்டியதும் உண்மை. மாறியிருப்பது வரியின் நிலை மட்டும். முதலில் அவரிடம் காரணம் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஜிஎஸ்டி எண்ணிலோ தொகையிலோ பிழை இருக்கும், அல்லது அவர் அந்தப் பில்லுக்கு வரவே எடுக்காமல் இருந்திருப்பார். பிழை என்றால் திருத்தி ஏற்றலாம். வரவே எடுக்காதவர் மறுக்கத் தேவையில்லை, திருப்ப வேண்டிய தொகையைத் தளத்திலேயே குறைத்துக் காட்டிவிட்டு ஏற்கலாம்.

எதிரே இருப்பவர் பதிவு பெறாத வாடிக்கையாளர் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வரிச் சுமை அவர் தலையில் நிற்கக் கூடாது. பொருளின் விலையை மட்டும் கொடுத்துவிட்டு வரியைக் கொடுக்காத கடை, தன் வெளியீட்டு வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது.

## இடையில் வரி விகிதம் மாறினால்

மிக்சிக்கு 18% மாறவில்லை. ஏசிக்கு மாறியது: 2025 செப்டம்பர் 22 முதல் 28%-இலிருந்து 18% ஆனது. ஆகஸ்டில் ரூ.30,000-க்கு விற்ற ஏசி அக்டோபரில் திரும்பினால் எந்த விகிதம்? பழைய 28%-தான். கிரெடிட் நோட் புது விற்பனை அல்ல, பழைய விற்பனையின் திருத்தம். அதனால் ரூ.8,400 வரி திரும்ப வேண்டும். மென்பொருளில் பொருளின் விகிதத்தை 18% என்று மாற்றி வைத்திருந்தால் அது தானாக 5,400 என்று போட்டுவிடும். வாங்கியவருக்கு ரூ.3,000 குறைவாகப் போகும், நாம் அரசுக்குக் கட்டியதில் அதே 3,000 திரும்பாமல் நின்றுவிடும். இந்த மாதிரி மாற்றம் வரும்போதெல்லாம் கிரெடிட் நோட்டில் உள்ள விகிதத்தைப் பழைய பில்லோடு கையால் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

## கெடு தாண்டிவிட்டால்

நவம்பர் 30 போய்விட்டாலும் கிரெடிட் நோட் கொடுக்கத் தடையில்லை. விலையை மட்டும் திருப்பும் வியாபார நோட்டாக அது இருக்கும், வரி திரும்பாது. வாங்கியவரும் தன் வரவைத் திருப்ப வேண்டியதில்லை.

பதிவு பெற்றவர்களுக்குள் இன்னொரு வழியும் உண்டு. வாங்கியவர் அதே சரக்கை நமக்கு 'விற்பதாக' வரியோடு பில் போடலாம், நாம் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். காலாவதி மருந்துகளைத் திருப்புவது பற்றி மத்திய மறைமுக வரி வாரியம் 2018 அக்டோபரில் வெளியிட்ட சுற்றறிக்கை இந்த வழியை விளக்குகிறது. வரிப் படிவத்தில் இது கொள்முதலாகத் தெரிந்தாலும், அடக்கவிலையைச் சேர்க்கும்போது மட்டும் ஏமாறக் கூடாது. 3,000 என்று பில் வந்ததற்காக மிக்சியின் மதிப்பு 3,000 ஆகிவிடாது. நம் உள்கணக்கில் அது திரும்பி வந்த 2,400 ரூபாய்ச் சரக்குதான்.

## திரும்பும் முன்பே பதிவு

பெரிய நிறுவனங்களில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கணக்கியல் தரநிலை 115-இன்படி, திரும்பும் என்று நியாயமாக எதிர்பார்க்கும் அளவை விற்கும் நாளிலேயே கழித்துவிட வேண்டும். 20-இல் 2 திரும்பும் என்று அனுபவம் சொன்னால், வருவாய் 18-க்கு மட்டும், ரூ.54,000. மீதி 6,000 'திருப்பித் தர வேண்டிய பொறுப்பு'. வரவிருக்கும் இரண்டு மிக்சிகளின் அடக்கவிலை ரூ.4,800 'திரும்பப் பெறும் உரிமை' என்று ஒரு சொத்து.

ஆனால் ஜிஎஸ்டிக்கு இந்த ஊகமெல்லாம் தெரியாது. அந்த மாதம் 20 மிக்சிக்கும் சேர்த்து ரூ.10,800 கட்டியே ஆக வேண்டும். சரக்கு நிஜமாகத் திரும்பி, கிரெடிட் நோட் போட்ட பிறகுதான் வரி குறையும். அதனால் இந்த நிறுவனங்களில் லாப நட்டக் கணக்கின் விற்பனைக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்னின் விற்பனைக்கும் எப்போதும் ஒரு இடைவெளி இருக்கும். இரண்டையும் ஒப்பிடும் பட்டியலில் அந்த இடைவெளியை இந்தக் காரணத்தோடு எழுதி வைக்க வேண்டும், பிழை என்று நினைத்து அடைக்க முயலக் கூடாது.

## மாதக் கடைசியில் பார்க்க வேண்டியவை

1. விற்பனைத் திருப்பக் கணக்கின் தொகையை வரி விகிதத்தால் பெருக்கினால், வெளியீட்டு வரிக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் உள்ள திருப்பத் தொகை வர வேண்டும். நம் உதாரணத்தில் 12,000-இல் 18%, ரூ.2,160. குறைவாக இருந்தால் ஏதோ ஒரு கிரெடிட் நோட் வரியில்லாமல் போயிருக்கிறது.

2. அதே 2,160 ஜிஎஸ்டிஆர்-1-இல் கிரெடிட் நோட் பகுதியிலும் இருக்க வேண்டும். பேரேட்டில் இருந்து அங்கே இல்லாத நோட்டுகளைத் தனியாக எழுதி வைத்து, எந்த நிதியாண்டு விற்பனை என்று பக்கத்தில் குறித்துக்கொண்டால் கெடு நழுவாது.

3. திருப்பக் கணக்கில் நான்கு மிக்சி என்றால், சரக்கிருப்பின் உள்வரவிலும் நான்கு, குடோன் மூலையிலும் நான்கு. மூன்றில் ஒன்று ஒத்துப்போகாவிட்டால், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் கணினியில் கை வைப்பது உத்தமம். மிக்சி இருக்க வேண்டிய பெட்டியில் வெறும் ஜார் மட்டும் வந்திருப்பதும் உண்டு.